பத்தாம் வகுப்புக்கு முன்பே: டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்குத் தேர்வுச் சலுகை பெறுவது எப்படி?

மாட்டுத்தாவணி பூச்சந்தையில் என் அண்ணன் மல்லிகை விற்பார். விடுமுறை நாட்களில் அவருடைய மகளும் உடன் போவாள். கிலோ 800 ரூபாய் என்றால் 350 கிராம் என்ன விலை என்று கேட்டால், தராசிலிருந்து பூ இறங்குவதற்குள் ‘280’ என்று சொல்லிவிடுவாள். அதே பெண் எட்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் 22 மதிப்பெண் வாங்கினாள். வினாத்தாளை அவளால் படிக்க முடியவில்லை.

நான் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. 19 ஆண்டுகள் வகுப்பில் நின்றும், என் சொந்த அண்ணன் மகளின் சிக்கலை எட்டாம் வகுப்பு வரை நான் ‘கவனக்குறைவு’ என்றே நினைத்திருந்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அவளுக்காக இரண்டரை ஆண்டுகள் அலைந்து கற்றுக்கொண்டதை, இந்தப் பாதையில் முதன்முதலாகக் கால் வைக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளையை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலும் பாதை ஏறத்தாழ இதுதான். ஆனால் அங்கே விண்ணப்பம் பள்ளி வழியாக அந்த வாரியத்துக்குப் போகும்.

முதலில், எது டிஸ்லெக்சியா, எது இல்லை

மதுரைப் பக்கத்துப் பிள்ளை ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாளப்பளம்’ என்று எழுதினால் பதற வேண்டாம். நம் ஊர்ப் பேச்சில் ழகரம் ளகரமாகத்தான் ஒலிக்கிறது. காதில் விழுவதைப் பிள்ளை எழுதுகிறது. ர, ற மயக்கமும் ந, ன, ண மயக்கமும் அப்படித்தான். இவை பயிற்சியில் சரியாகும். ஆறு, ஏழு வயதுவரை ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போடுவதும் இயல்புதான்.

டிஸ்லெக்சியாவின் தடம் வேறு மாதிரி இருக்கும். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள இணைப்பு மூளையில் தானாக ஓடுவதில்லை. மற்ற பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் பார்த்த மாத்திரத்தில் படிக்கும் சொல்லை, இந்தப் பிள்ளை எட்டாம் வகுப்பிலும் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்கும். கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும். தமிழில் இது சில இடங்களில் பளிச்சென்று தெரியும். கொம்பு ஓர் உதாரணம். ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஒலியோ இரண்டும் சேர்ந்து ஒன்றாக வருகிறது. கண் பார்க்கும் வரிசையும் வாய் சொல்லும் வரிசையும் ஒன்றாக இல்லை. என் அண்ணன் மகள் ‘கொக்கு’ என்று சொன்னால் ‘கெக்கு’ என்று எழுதுவாள். ‘பட்டம்’, ‘படம்’, ‘பாடம்’ மூன்றும் அவளுக்கு ஒன்றுபோலவே தெரியும். வாக்கியத்தின் போக்கை வைத்து எது பொருந்துமோ அதைச் சொல்லிவிடுவாள். பல முறை அது சரியாகவும் இருக்கும். அதனால்தான் இத்தனை ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை.

தமிழ் எழுத்துமுறை ஆங்கிலத்தைப்போலக் குழப்பமானது அன்று. எழுத்தைப் பார்த்தால் ஒலி பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆகவே வயது ஏறிய பிள்ளைகளிடம் பிழையைவிட மெதுவான வாசிப்புதான் முக்கிய அடையாளம். ‘தப்பில்லாமல் படிக்கிறான், கொஞ்சம் மெதுவாக’ என்று நிம்மதியடையாதீர்கள். எவ்வளவு மெதுவாக என்று கடிகாரத்தைப் பாருங்கள்.

டிஸ்கிராஃபியா என்பது எழுதுவதில் வரும் சிக்கல். டிஸ்கால்குலியா எண்களில் வரும் சிக்கல். இவை தனியாகவும் வரலாம், டிஸ்லெக்சியாவோடு சேர்ந்தும் வரலாம். மூன்றையும் சேர்த்தே கற்றல் குறைபாடு என்கிறார்கள். கவனச்சிதறல் என்பது வேறு. அது கூடவே இருக்கலாம், ஆனால் அது மட்டும் இருந்தால் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் கிடைக்காது.

வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

மருத்துவமனைக்குப் போகும் முன் நான் செய்ததைச் சொல்கிறேன். இது நோயறிதல் இல்லை. மருத்துவரிடம் என்ன சொல்வது என்று நமக்கே தெளிவாகத்தான் இது.

மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து அவள் அதற்கு முன் பார்த்திராத ஒரு பத்தியை எடுத்தேன். 60 சொற்கள். சத்தமாகப் படிக்கச் சொன்னேன். நான்கு நிமிடம் ஆனது. எட்டாம் வகுப்புப் பிள்ளை அதை இதைவிடப் பல மடங்கு வேகமாக முடிக்க வேண்டும்.

பிறகு, பொருளே இல்லாத சொற்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: ‘தொமிக்கு’, ‘பெளாசி’, ‘நூட்டலை’, ‘கைசோமி’. தெரிந்த சொல்லை ஊகித்துவிடலாம், இல்லாத சொல்லை எழுத்தை உடைத்தால்தான் படிக்க முடியும். பத்துச் சொற்களில் இரண்டைத்தான் சரியாகச் சொன்னாள். ‘அத்தை, இதெல்லாம் நாங்க இன்னும் படிக்கலை’ என்றாள். அந்தக் குரலில் இருந்த பயம் என்னை உலுக்கிவிட்டது.

கடைசியாக, அறிவியல் பாடத்தில் ஐந்து கேள்விகளை வாயால் கேட்டேன், அவளும் வாயால் பதில் சொன்னாள். நான்கு சரி. அதே தரத்தில் வேறு ஐந்து கேள்விகளைத் தாளில் கொடுத்து எழுதச் சொன்னேன். ஒன்றுதான் சரி. வாய்க்கும் தாளுக்கும் இடையே இருக்கும் இந்த இடைவெளிதான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல். வாயிலும் தாளிலும் ஒரே அளவில் தடுமாறினால் காரணம் வேறாக இருக்கலாம்.

நேரத்தையும் பிழைகளையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

கண், காது, பிறகு சோதனை

பார்வை, கேட்கும் திறன் இரண்டையும் முதலில் பரிசோதித்து அறிக்கை வாங்கிவிடுங்கள். பிள்ளை எழுத்தைச் சரியாகப் பார்க்கிறது, ஒலியைச் சரியாகக் கேட்கிறது என்று உறுதியான பிறகுதான் கற்றல் குறைபாடு பற்றிப் பேச முடியும். நீண்ட நாள் பள்ளிக்குப் போகாதது, நடுவில் தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாற்றியது, வீட்டில் பெரிய துயரம் போன்றவை இருந்தால் அவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளையானால் தலைமை ஆசிரியரிடம் சொல்லி, வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்கச் செய்யுங்கள். திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று ஒவ்வொரு வட்டாரத்திலும் அப்படி ஒரு மையம் இருக்கிறது. எந்த நாளில் எங்கே போக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் எழுதித்தரும் குறிப்பு மருத்துவமனையில் உதவும்.

சான்றிதழுக்கு நாங்கள் போனது கோரிப்பாளையத்தை ஒட்டியுள்ள அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு. மருத்துவக் குழு எந்த நாளில் கூடுகிறது என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போனால் வீண் அலைச்சல் குறையும். பஸ் ஏறும் முன் இதைக் கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்காமல் போய் முதல் நாளே திரும்பினோம்.

சட்டத்தின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம்தான் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. தேர்வில் கூடுதல் நேரம், எழுத ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றை அதன் 17-ஆம் பிரிவே குறிப்பிடுகிறது. மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைப்படி, எட்டு வயது நிறைந்த பிள்ளைக்குத்தான் சான்றிதழ் தருவார்கள். குழந்தை மருத்துவர், உளவியலாளர், சிறப்புப் பயிற்றுநர் போன்றோர் சேர்ந்த குழு மதிப்பிடும்.

சோதனை ஒரே நாளில் முடியாது. அறிவுத்திறன் சோதனை ஓர் அமர்வு. அது சராசரி அளவில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அறிவுத்திறன் குறைவாக இருந்தால் அது வேறு வகைச் சான்றிதழின் கீழ் வரும். அடுத்த அமர்வில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பைப் பயன்படுத்துவார்கள். வாசிப்பு, எழுத்து, சொல்வதை எழுதுதல், கணக்கு, கவனம், நினைவாற்றல் எல்லாம் அதில் உண்டு. பிள்ளை எந்த வகுப்பின் தரத்தில் படிக்கிறது, எழுதுகிறது என்பது அதில் தெரிந்துவிடும். தன் வகுப்பைவிட இரண்டு வகுப்பு கீழே இருந்தால் கற்றல் குறைபாடு என்று கருதுவது வழக்கம். எங்கள் பெண்ணின் வாசிப்பு மூன்றாம் வகுப்புத் தரத்திலும், சொல்வதை எழுதுவது இரண்டாம் வகுப்புத் தரத்திலும், கணக்கு ஏழாம் வகுப்புத் தரத்திலும் இருந்தன. அறிவுத்திறன் சராசரி. எழுத்து வடிவில் அதைப் பார்த்ததும் என் அண்ணன் அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. ‘ஏதோ சோம்பேறின்னு நெனச்சு அடிச்சிருக்கேனே’ என்பதுதான் அவர் முதலில் சொன்னது.

இரண்டு விஷயங்களில் கவனமாக இருங்கள். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளையைத் தமிழிலும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால், ஆங்கிலம் தெரியாததும் டிஸ்லெக்சியாவும் ஒன்றாகக் கலந்துவிடும். அடுத்தது, சோதனைக்கு முன்பு பிள்ளைக்கு வீட்டில் ‘தயாரிப்பு’ கொடுக்காதீர்கள். ஒரு வாரம் படிக்கவைத்துக் கொண்டுபோனால் உண்மை நிலை மறையும். காலையில் வயிறாரச் சாப்பிடவைத்து, நன்றாகத் தூங்கவைத்துக் கூட்டிப்போனால் போதும்.

கையில் இருக்க வேண்டியவை: கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் மதிப்பெண் அட்டை, பழைய நோட்டுப் புத்தகங்கள் (திருத்தியவை, அழகாக எழுதியவை அல்ல), தலைமை ஆசிரியரின் கடிதம், கண் காது அறிக்கைகள், ஆதார், புகைப்படங்கள். பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்பு நோட்டில் இருந்த ‘கெக்கு’வைத்தான் அந்த உளவியலாளர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தனியார் உளவியலாளரிடம் மதிப்பீடு செய்தால், அவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அறிக்கையில் பதிவு எண் இருக்க வேண்டும். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய அந்த அறிக்கை பாடம் சொல்லிக்கொடுக்க நன்றாக உதவும். ஆனால் சலுகைக்கு அரசு மருத்துவக் குழுவின் சான்றிதழ்தான் செல்லும். இதைத் தெரியாமல் தனியார் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு பிப்ரவரி மாதம் ஓடிவரும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

சான்றிதழோடு, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு swavlambancard.gov.in என்ற தளத்தில் விண்ணப்பியுங்கள். இ-சேவை மையத்திலும் செய்துதருவார்கள்.

14 வயது என்னும் கண்ணி

இந்த ஒரு விஷயத்தை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்கச் செல்லாது. மத்திய அரசின் நெறிமுறை 14 வயதில் ஒருமுறையும் 18 வயதில் ஒருமுறையும் மறுமதிப்பீடு கேட்கிறது. 18 வயதில் தருவதுதான் நிரந்தரச் சான்றிதழ்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு வருவது 14, 15 வயதில். அதாவது, நான்காம் வகுப்பிலேயே விழிப்பாக இருந்து வாங்கிய சான்றிதழ், பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில் காலாவதியாகி நிற்கும். எங்கள் பெண் எட்டாம் வகுப்பில் ஜூன் மாதம் தொடங்கி நவம்பரில் சான்றிதழ் பெற்றாள். அப்போது 13 வயது. அடுத்த மே மாதம் 14 முடிந்தது. நல்லவேளையாக, அட்டையைப் பிளாஸ்டிக் உறை போடக் கொடுத்த கடைக்காரர் ‘தேதி முடியப்போகுதே அக்கா’ என்றார். ஒன்பதாம் வகுப்பிலேயே மறுமதிப்பீட்டுக்குப் போனோம். உங்கள் கையில் சான்றிதழ் இருந்தால் இப்போதே எடுத்துச் செல்லுபடி தேதியைப் பாருங்கள். பொதுத்தேர்வு நடக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களைத் தாண்டி அது நிற்க வேண்டும்.

சான்றிதழ் வேறு, தேர்வுத்துறை ஆணை வேறு

சான்றிதழ் கையில் வந்ததும் வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். தேர்வு அறையில் சான்றிதழைக் காட்டினால் யாரும் கூடுதல் நேரம் தரமாட்டார்கள். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அனுமதி ஆணை, அந்தத் தேர்வு மையத்துக்கு, உங்கள் பிள்ளையின் பெயருக்கு வந்திருக்க வேண்டும். நீங்கள் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. தலைமை ஆசிரியர்தான் அனுப்ப வேண்டும்.

தேர்வர்களின் பெயர்ப்பட்டியல் தயாராகும் முன்பே, பத்தாம் வகுப்புத் தொடங்கிய சில மாதங்களில், பெற்றோரின் கோரிக்கைக் கடிதம், சான்றிதழ் நகல், எந்தெந்தச் சலுகை வேண்டும் என்ற விவரம் ஆகியவற்றைப் பள்ளியில் கொடுத்துவிடுங்கள். இன்னொரு நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். பிறகு மாதம் ஒருமுறை, ‘எங்கள் கடிதம் எந்த அலுவலகத்தில் இருக்கிறது?’ என்று பணிவாகக் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையனின் கோப்பு அவனுடைய பள்ளி அலமாரியிலேயே டிசம்பர் வரை இருந்தது. யாருக்கும் அவன்மீது பகை இல்லை. அந்தப் பள்ளியில் அதற்கு முன் யாருமே இப்படி விண்ணப்பித்ததில்லை, என்ன செய்வது என்று தெரியவில்லை. கையொப்பமிட்ட நகல் இருந்ததால்தான் அது வெளியே வந்தது.

எந்தச் சலுகையைக் கேட்பது?

மாநிலப் பாடத்திட்டத்தில் டிஸ்லெக்சியா தேர்வர்களுக்குப் பொதுவாகக் கிடைப்பவை: கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு. கணக்கில் கால்குலேட்டரும் கேட்கலாம். எல்லாவற்றையும் கேட்டுவிடலாம் என்று தோன்றும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பிள்ளைக்கு எது தேவை என்று பார்த்துக் கேளுங்கள்.

கூடுதல் நேரம் ஏறத்தாழ எல்லாருக்கும் தேவை. மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். வாசிப்பு மெதுவாக இருந்தாலும் கையெழுத்து ஓரளவு வரும் பிள்ளைக்கு இது மட்டுமே போதுமானதாக இருக்கலாம்.

மொழிப்பாட விலக்கில்தான் நிதானம் வேண்டும். ஒரு மொழியை விட்டால் ஐந்து பாடம் நான்காகும், கூட்டுத்தொகை 500-க்குப் பதில் 400-க்குக் கணக்காகும். பிள்ளைக்குச் சுமை குறையும், அதில் சந்தேகமில்லை. தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து பிள்ளையை மூழ்கடிக்கிறது என்றால் தயங்காமல் எடுங்கள். ஆனால் எந்த மொழியை விடுகிறோம் என்பது பின்னால் பேசும். மாநில அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ் கேட்கிறார்கள். மருத்துவப் படிப்புக்குப் பிளஸ் 2-வில் ஆங்கிலத்திலும் தேர்ச்சி கேட்கிறார்கள். பிள்ளை எங்கே போக விரும்புகிறது என்று உட்கார்ந்து பேசிய பிறகு எழுதுங்கள்.

நாங்கள் முடிவெடுத்த விதம் இது. பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வைத் தலைமை ஆசிரியரின் அனுமதியோடு சோதனைக் களமாக்கினோம். பள்ளித் தேர்வில் கூடுதல் நேரம் தருவதற்குத் தலைமை ஆசிரியரின் மனமே போதும். ஒரு ஆசிரியை கேள்வியைப் படித்துக் காட்டி அவள் சொன்னதை எழுதினார். ஆங்கிலத்தில் 38 வந்தது. முந்தைய ஆண்டு தானே எழுதியபோது 11. தேர்ச்சிக்கு 35 போதும் என்பதால், ஆங்கில விலக்கை நாங்கள் கேட்கவில்லை. 38 வராமல் 20 வந்திருந்தால் கேட்டிருப்போம். கால்குலேட்டரும் கேட்கவில்லை. பூச்சந்தையில் வளர்ந்தவளுக்கு அது தேவைப்படவில்லை. டிஸ்கால்குலியா உள்ள பிள்ளைக்கு அது பெரிய துணை.

சொல்லி எழுதவைப்பது தனிக் கலை

‘சொல்வதை எழுதுபவர் கிடைத்துவிட்டார், இனிக் கவலையில்லை’ என்று நினைத்துப் பயிற்சி இல்லாமல் அனுப்பினால் மதிப்பெண் குறையவும் செய்யும். எங்கள் முதல் ஒத்திகையில் அப்படித்தான் ஆனது. வரலாற்றில் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு, ‘அதான், அந்த உப்புக்காக நடந்தாங்கள்ல, அது’ என்றாள். எழுதுபவர் அதைத் திருத்தி எழுதக் கூடாது, எழுதவும் மாட்டார். சொல்வதுதான் தாளில் வரும். எட்டாண்டுகளாக எழுதாமலே ஒப்பேற்றிய பிள்ளைக்கு, எழுத்துத் தமிழில் முழு வாக்கியமாகப் பேசுவது புதிய வேலை.

வாரம் இரண்டு முறை வீதம் பன்னிரண்டு அமர்வுகள் நடத்தினோம். முதல் நான்கில் வாக்கியத்தை மனத்தில் முழுதாக அமைத்துவிட்டு, பிறகு வாய் திறக்கப் பழக்கினேன். ‘அடுத்த பத்தி’, ‘எண் மூன்று’, ‘அடிக்கோடு’ என்று சொல்லவும், எழுதுபவரின் கை நிற்கும்வரை காத்திருக்கவும், ‘கடைசி வரியைப் படித்துக் காட்டுங்கள்’ என்று கூச்சமில்லாமல் கேட்கவும் பழகினாள். அதன்பின் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆளை உட்காரவைத்தேன். தேர்வறையில் வரப்போவது முன்பின் அறியாத ஓர் ஆசிரியர்தானே.

கணக்குதான் எங்களை அதிகம் சோதித்தது. ‘எக்ஸ் கூட்டல் இரண்டு வகுத்தல் மூன்று’ என்று அவள் சொன்னாள். எழுதிய பெண் இப்படி எழுதினார்:

```
x + 2/3
```

அவள் மனத்தில் இருந்தது இது:

```
(x + 2)/3
```

விடை தப்பு. யார்மீதும் குற்றமில்லை. பிறகு ஒரு முறை வகுத்தோம். ‘அடைப்புக்குறி திற, எக்ஸ் கூட்டல் இரண்டு, அடைப்புக்குறி மூடு, கோடு, கீழே மூன்று’ என்று சொல்ல வேண்டும். அடுக்குக்குறிக்கு ‘மேலே சின்னதாக இரண்டு’. தனக்கென்று ஒரு வெற்றுத்தாளில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வதா, எல்லாவற்றையும் வாயாலேயே சொல்வதா என்பதையும், வரைபடத்தையும் வடிவியல் படத்தையும் யார் வரைவது என்பதையும் முதன்மைக் கண்காணிப்பாளரிடம் தேர்வுக்கு முந்தைய நாளே கேட்டுவிடச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டோம்.

தேர்வு நாள்

நுழைவுச்சீட்டு கையில் வந்ததும் சலுகை விவரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆணையின் நகல் இரண்டு எடுங்கள். ஒன்று பிள்ளையின் பையில், ஒன்று உங்களிடம். முதல் தேர்வுக்கு முந்தைய நாள் மையத்துக்குப் போய், பெயரும் தனி அறையும் எழுதுபவரும் ஏற்பாடாகியிருப்பதை உறுதிசெய்யுங்கள்.

ஒருவேளை அறையில் யாராவது மூன்று மணி நேரம் முடிந்ததும் தாளை வாங்க வந்தால், அந்த இடத்திலேயே ஆணையைக் காட்டி முதன்மைக் கண்காணிப்பாளரை அழைக்கச் சொல்லப் பிள்ளையைப் பழக்குங்கள். தாள் கைமாறிய பிறகு இழந்த நேரத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். 2021-இல் நீட் தேர்வில் டிஸ்கிராஃபியா உள்ள ஒரு மாணவிக்குக் கூடுதல் ஒரு மணி நேரம் மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நியாயம் இருப்பதை ஏற்றது, தேர்வு நடத்திய முகமை பரிகாரம் காண வேண்டும் என்றது, ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. வீட்டில் இதை வாயால் சொல்லிப் பழகினோம்: ‘ஐயா, எனக்கு ஒரு மணி நேரம் கூடுதல் அனுமதி இருக்கிறது. இதோ ஆணை.’ பத்து முறை சொல்லவைத்தேன்.

நான்கு மணி நேரம் என்றால் மதியம் இரண்டைத் தாண்டும். காலை இட்லியோடு நிற்காமல், கையில் தண்ணீரும் கொடுத்தனுப்புங்கள். மற்ற பிள்ளைகள் ஒன்றேகால் மணிக்கு ஆரவாரத்தோடு வெளியேறும்போது வரும் சத்தத்தில் எங்கள் பெண் முதல் நாள் பதறிப்போய் இரண்டு கேள்விகளை விட்டுவிட்டாள். இரண்டாம் தேர்விலிருந்து, ‘மணி அடித்ததும் ஒரு மடக்கு தண்ணீர் குடி, கண்ணை மூடிப் பத்து எண்ணு, பிறகு தொடங்கு’ என்று சொல்லி அனுப்பினேன். அது உதவியது.

அவள் 287 மதிப்பெண் வாங்கித் தேர்ச்சி பெற்றாள். கணக்கில் 71.

பத்தாம் வகுப்பு ஆணை பிளஸ் 2-வுக்குச் செல்லாது. அங்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே சான்றிதழ், பழைய ஆணை, மதிப்பீட்டு அறிக்கை மூன்றையும் ஒரே உறையில் வைத்திருக்கிறோம். உறையின் மேல் அவளுடைய 18-ஆம் பிறந்தநாள் தேதியைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள் அவள். கடைசி மறுமதிப்பீட்டுக்குப் போக வேண்டிய நாள் அது.